அடிச்சுற்றும் உயரமும்: மணல் குவியலை அளத்தல்

வீடு கட்டும் இடத்தில் மணல் வந்து இறங்கியதும் எழும் கேள்வி ஒன்றுதான்: எத்தனை யூனிட் இருக்கும்? தமிழ்நாட்டுக் கட்டட வேலையில் ஒரு யூனிட் என்பது 100 கன அடி. மீட்டர் கணக்கில் சொன்னால் 2.83 கன மீட்டர். லாரி நிற்கும்போதே பாடியின் நீளம், அகலம், மணல் நிற்கும் உயரம் மூன்றையும் டேப் வைத்துப் பார்த்துப் பெருக்கினால் விடை கிடைத்துவிடும். ஆனால் லாரி போன பிறகோ, பாதி மணல் செலவாகி மீதியைக் கூட்டிக் குவித்த பிறகோ, செவ்வகப் பெட்டி ஏதும் நம் கையில் இல்லை. தரையில் ஒரு கூம்பு இருக்கிறது. அதற்குள் நுழைந்து ஆரத்தை அளக்கவும் வழியில்லை, நடுப்புள்ளியை மணலே மூடிக்கொண்டிருக்கிறது.

ஆரம் கிடைக்காவிட்டால் என்ன, சுற்றளவு கிடைக்கிறதே. டேப்பின் நுனியை ஒருவர் பிடித்துக்கொள்ள, இன்னொருவர் குவியலைச் சுற்றி வந்தால் அடிச்சுற்று தெரிந்துவிடும். அதோடு உயரம் ஒன்று போதும். கூம்பின் கன அளவு, அதே அடியும் அதே உயரமும் கொண்ட உருளையின் மூன்றில் ஒரு பங்கு என்று பள்ளியில் படித்திருக்கிறோம். அடியின் பரப்பு πr². சுற்றளவை C என்று வைத்தால் r = C/2π. இதை உள்ளே போட்டுச் சுருக்கினால் ஆரம் காணாமல் போய்விடுகிறது:

V = C²h / 12π

12π என்பது 37.7. ஆக, சுற்றளவைச் சுற்றளவால் பெருக்கி, உயரத்தால் பெருக்கி, 37.7 ஆல் வகுத்தால் கன அளவு. அடியில் அளந்தால் கன அடி வரும், மீட்டரில் அளந்தால் கன மீட்டர் வரும். கைபேசியில் இருக்கும் கணிப்பானே போதும். ஆனால் ஒரு எச்சரிக்கை: 4 அடி 2 அங்குலம் என்பது 4.2 இல்லை, 4.17. அங்குலத்தை 12 ஆல் வகுத்த பிறகே புள்ளிக்குப் பின் எழுத வேண்டும். 3 அடி 9 அங்குலத்தை 3.9 என்று தட்டிவிட்டால், மற்ற எல்லாவற்றையும் எவ்வளவு கவனமாக அளந்தாலும் விடை 4 சதவீதம் கூடிவிடும்.

இந்தக் கணக்கு நம் காலத்தில் தோன்றியதில்லை. சீனத்தின் ‘கணிதக் கலையின் ஒன்பது அத்தியாயங்கள்’ என்ற பழைய நூலில் தானியக் குவியலுக்கு இதே விதி இருக்கிறது. அடிச்சுற்றை வர்க்கமாக்கி, உயரத்தால் பெருக்கி, 36 ஆல் வகு என்கிறது அது. அங்கே தரப்பட்ட கணக்கில் சுற்றளவு 120 சி, உயரம் 20 சி. விடை 8000 கன சி. (சி என்பது அவர்களுடைய நீள அளவு.) நம் பக்கத்தில் பாஸ்கராச்சாரியார் 1150ஆம் ஆண்டு எழுதிய ‘லீலாவதி’யில் குவியல் கணக்குக்கென்றே தனிப் பகுதி உண்டு. சுற்றளவில் ஆறில் ஒரு பங்கை வர்க்கமாக்கி உயரத்தால் பெருக்கு என்பது அவர் விதி. ஆறின் வர்க்கம் 36 ஆகையால் இரண்டும் ஒன்றுதான். இருவருமே இந்த இடத்தில் π ஐ 3 என்று வைத்துக்கொண்டார்கள். அதனால் விடை உண்மையைவிட 4.7 சதவீதம் கூடுதலாக வரும். தானியக் களத்தில் மனக்கணக்காகப் போடும் விதிக்கு இந்த அளவு பிழை பெரிதில்லை. அளக்கும் கையிலேயே அதைவிடப் பெரிய பிழைகள் நேரும் என்பதைச் சற்று நேரத்தில் பார்ப்போம்.

‘லீலாவதி’யில் என்னை மிகவும் கவர்ந்தது அதற்கு முந்தைய வரி. குவியலின் உயரத்தை அளக்கவே வேண்டாம், சுற்றளவிலிருந்தே சொல்லிவிடலாம் என்கிறார் பாஸ்கரர். பருத்த தானியமானால் சுற்றளவில் பத்தில் ஒரு பங்கு, நுண்ணிய தானியமானால் பதினொன்றில் ஒரு பங்கு, வாலுள்ள தானியமானால் ஒன்பதில் ஒரு பங்கு. 60 முழச் சுற்றளவுள்ள பருத்த தானியக் குவியலுக்கு உயரம் 6 முழம், கன அளவு 600 கன முழம். தானியத்துக்குத் தானியம் உயரம் மாறுவதற்குக் காரணம் உராய்வு. மேலிருந்து கொட்டக் கொட்டக் குவியல் ஓரளவு செங்குத்தாகிறது. ஒரு சாய்வுக்கு மேல் மணிகள் நிற்க மாட்டாமல் சரிந்து ஓடி, அடியை அகலமாக்குகின்றன. பிறகும் கொட்டினால் குவியல் பெரிதாகுமே தவிரச் சாய்வு மாறாது. அந்தச் சாய்வைச் சறுக்குக் கோணம் என்கிறோம். வால் உள்ள மணிகள் ஒன்றையொன்று பிடித்துக்கொள்வதால் அவற்றின் குவியல் சற்று உயர்ந்து நிற்கும். பாஸ்கரரின் பின்னங்களைக் கோணமாக மாற்றிப் பார்த்தால் ஒன்பதில் ஒன்று ஏறத்தாழ 35 பாகை, பத்தில் ஒன்று 32 பாகை, பதினொன்றில் ஒன்று 30 பாகை. களத்து மேட்டில் நின்று நிஜக் குவியல்களைப் பார்த்தவர்களின் கணிப்பு அது.

உலர்ந்த மணலின் சறுக்குக் கோணம் பொதுவாக 30 முதல் 35 பாகை. ஆகையால் இயல்பாகக் கொட்டிய உலர் மணல் குவியலில் சுற்றளவை உயரத்தால் வகுத்தால் 9க்கும் 11க்கும் இடையில் வர வேண்டும். இதை உயரம் அளக்காமல் தப்பிக்கும் வழியாகக் கொள்ளாமல், அளந்த பின் சரிபார்க்கும் கருவியாக வைத்துக்கொள்வது நல்லது. சுற்றளவு 40 அடி, உயரம் 7 அடி என்று யாராவது எழுதிக் கொடுத்தால் விகிதம் 5.7. உலர் மணல் அப்படி நிற்கவே நிற்காது. அவர் பெரும்பாலும் டேப்பைச் சரிவின் மேலேயே அடியிலிருந்து உச்சி வரை பிடித்து, அந்தச் சாய்வு நீளத்தை உயரம் என்று எழுதியிருப்பார். 34 பாகைச் சரிவில் சாய்வு நீளம் உயரத்தைப் போல 1.8 மடங்கு. கன அளவும் அதே 1.8 மடங்காகிவிடும். மணல் அளவையில் நேரக்கூடிய மிகப் பெரிய ஒற்றைத் தவறு இது. இந்த விகிதத்தைப் பார்த்தாலே பிடிபட்டுவிடும்.

இனி ஒரு குவியலை அளந்து பார்ப்போம். ‘ரெண்டு யூனிட் சார்’ என்று சொல்லி இறக்கிவிட்டுப் போன எம்-சாண்ட். சித்தாள்கள் மண்வெட்டியால் ஓரங்களை ஒதுக்கி ஓரளவு வட்டமாகக் கூட்டியிருக்கிறார்கள் என்று வைத்துக்கொள்வோம்.

முதலில் சுற்றளவு. குவியலின் அடி கோடு கிழித்தாற்போல முடிவதில்லை. சரிவு தரையைத் தொடும் இடத்துக்கு வெளியே, விரல் கனத்தில் மணல் சிதறிப் பரவியிருக்கும். உருண்டு ஓடிய பருமணிகளும் நடந்தவர்களின் கால் இழுத்துப்போட்ட மணலும் சேர்ந்து குவியலைச் சுற்றி ஒரு பாவாடை போலக் கிடக்கும். அந்தப் பாவாடையின் வெளி ஓரத்தில் டேப் பிடித்தால் 42 அடி 6 அங்குலம் வருகிறது. சரிவின் நேர்கோடு தரையைத் தொடும் இடத்தில் பிடித்தால் 40 அடி. ஆரத்தில் பார்த்தால் இரண்டுக்கும் வித்தியாசம் ஐந்து அங்குலம்கூட இல்லை. ஆனால் சூத்திரத்தில் சுற்றளவு வர்க்கமாகிறது. சுற்றளவில் 6 சதவீதம் கூடினால் கன அளவில் 13 சதவீதம் கூடிவிடும். அந்தப் பரவலில் உண்மையில் இருக்கும் மணலோ சில சட்டிகள்தான். எனவே அளப்பதற்கு முன் மண்வெட்டியால் பாவாடையை வழித்துக் குவியலோடு சேர்த்துவிட வேண்டும். அதற்கு நேரமில்லை என்றால், ஒரு நேரான பலகையைச் சரிவின் மேல் படுக்க வைத்து, அதன் கோடு தரையில் எங்கே முட்டுகிறது என்று பார்த்து, நாலைந்து இடங்களில் அப்படிக் குறி வைத்து, குறிகளைத் தொட்டபடி டேப்பைச் சுற்ற வேண்டும். டேப் தரையோடு கிடக்கட்டும். இழுத்துப் பிடிக்கும்போது அது மணலுக்குள் வெட்டிப் புகுந்தால் சுற்றளவு குறைந்துபோகும்.

அடுத்து உயரம். உச்சியில் ஒரு நீண்ட மட்டக்கோலின் நுனியை வைத்து, மறுமுனை குவியலின் அடிக்கு வெளியே வரும்படி ஒருவர் பிடிக்க வேண்டும். கோலின் மேல் ரசமட்டம் வைத்து, குமிழி நடுவில் நிற்கும்வரை மறுமுனையை ஏற்றி இறக்கி, அந்த முனையிலிருந்து தூக்குக்குண்டைத் தொங்கவிட்டுத் தரைவரை அளந்தால் உயரம். 40 அடிச் சுற்றுள்ள குவியலின் ஆரம் ஆறடிக்கு மேல் போவதால் ஏழெட்டு அடி நீளக் கோல் வேண்டும். அது கிடைக்காவிட்டால் எல்லா மேஸ்திரியிடமும் இருக்கும் டியூப் லெவல் போதும். தண்ணீர் நிரப்பிய அந்தக் குழாயின் ஒரு முனையை உச்சி மட்டத்தில் பிடித்துக்கொண்டு, மறுமுனையை வெளியே நட்ட கம்பின் மேல் வைத்து நீர்மட்டத்தைக் குறித்தால், தரையிலிருந்து அந்தக் குறி வரைதான் உயரம். கம்பியை உச்சியில் குத்தித் தரைவரை இறக்கிப் பார்ப்பவர்களும் உண்டு. தரை கெட்டியாக இருந்தால் அது சரிவரும். மண்தரையானால் கம்பி எங்கே மணலை விட்டு மண்ணுக்குள் போனது என்று கைக்குத் தெரியாது.

இந்தக் குவியலில் இப்படி அளந்ததில் 3 அடி 9 அங்குலம் கிடைத்தது. இங்கேதான் எளிதில் கண்ணுக்குத் தப்பும் ஒரு பிழை இருக்கிறது. நிஜக் குவியலுக்குக் கூரான முனை கிடையாது. கூட்டிய மண்வெட்டியும், ஏறி விளையாடிய பிள்ளைகளும், காற்றும் உச்சியை மொட்டையாக்கியிருப்பார்கள். சூத்திரமோ முனை கூராக இருப்பதாக எண்ணிக்கொள்கிறது. மொட்டை உச்சிவரை அளந்த உயரத்தை அதனிடம் கொடுத்தால், அடியும் உச்சியும் சரியாக இருந்தும் சரிவு மட்டும் உண்மையைவிடத் தட்டையான வேறொரு கூம்பை அது கணக்கிடும். அந்தக் கற்பனைக் கூம்பு நம் குவியலின் வயிற்றுப் பகுதியை முழுக்க வெட்டிவிடுகிறது.

எவ்வளவு வெட்டுகிறது என்று பார்க்கலாம். ஒரு கூம்பின் உயரத்தில் மேல் பத்தில் ஒரு பங்கைச் சீவிவிட்டால் போவது எவ்வளவு மணல்? முனையில் சீவிய துண்டும் ஒரு கூம்புதான். நீளத்தில் பத்தில் ஒன்று, அகலத்தில் பத்தில் ஒன்று, உயரத்திலும் பத்தில் ஒன்று. ஆகவே கன அளவில் ஆயிரத்தில் ஒன்று. மணல் ஏறத்தாழ அப்படியே இருக்கிறது. ஆனால் குறைந்த உயரத்தைச் சூத்திரத்தில் போட்டால் விடை பத்து சதவீதம் விழுந்துவிடும். இதே காரணத்தால் கூம்பின் மேல் பாதி உயரத்தில் இருப்பது மொத்த மணலில் எட்டில் ஒரு பங்கு மட்டுமே. மீதி ஏழு பங்கும் கீழ்ப் பாதியில் கிடக்கிறது. உச்சியைப் பார்த்துக் குவியலை எடைபோடும் கண் இதனால்தான் ஏமாறுகிறது.

பரிகாரம் எளிது. உச்சியை அளக்காமல், உச்சி இருந்திருக்க வேண்டிய இடத்தை அளக்க வேண்டும். நேரான இரண்டு கோல்களை எதிரெதிர்ச் சரிவுகளில், சரிவு நேராக இருக்கும் நடுப்பகுதியோடு ஒட்டிப் படுக்க வைத்தால், மொட்டை உச்சிக்கு மேலே அவை ஒன்றையொன்று வெட்டிக்கொள்ளும். அந்த வெட்டும் புள்ளிதான் கூம்பின் முனை. அங்கிருந்து தரைக்கு உள்ள உயரம் இந்தக் குவியலில் 4 அடி 2 அங்குலம் என்று வைத்துக்கொள்வோம். 40ஐ 4.17 ஆல் வகுத்தால் 9.6. மணலுக்கு ஏற்ற விகிதம். முதலில் அளந்த 42 அடி 6 அங்குலத்தையும் 3 அடி 9 அங்குலத்தையும் எடுத்துக்கொண்டால் விகிதம் 11.3. அதன் சாய்வு 29 பாகைதான். அடியும் உச்சியும் இரண்டுமே உண்மைச் சரிவை விட்டு விலகியிருக்கின்றன என்பதை விகிதமே காட்டிக்கொடுக்கிறது.

இப்போது நான்கு அளவுகளையும் மாற்றி மாற்றிப் போட்டுப் பாருங்கள். சரியான அடி 40, சரியான முனை 4.17: 1600ஐ 4.17 ஆல் பெருக்கி 37.7 ஆல் வகுத்தால் 177 கன அடி. சரியான அடியோடு மொட்டை உச்சியைப் போட்டால் 159. பாவாடைச் சுற்றளவோடு சரியான முனையைப் போட்டால் 200. இரண்டையும் தவறாகவே போட்டால் 180. ஒரே குவியல், ஒரே டேப், ஒரே சூத்திரம். விற்றவர் சொன்ன ‘ரெண்டு யூனிட்’டும் இதிலேயே இருக்கிறது, ஒன்றரை யூனிட்டுக்குச் சற்று மேல் என்ற வாதமும் இதிலேயே இருக்கிறது. இரண்டு தவறும் ஒன்றையொன்று ஈடுகட்டி 180 என்று வந்தது இந்தக் குவியலின் அதிர்ஷ்டம். அடுத்த குவியலில் அப்படி நடக்கும் என்று நம்ப முடியாது.

அடியோரமும் உச்சியும் போக, குவியலின் மூன்றாவது எல்லை அதற்குக் கீழே, கண்ணுக்கே தெரியாமல் இருக்கிறது. 40 அடிச் சுற்றின் பரப்பு 127 சதுர அடி. மணல் கொட்டிய தரை இரண்டே அங்குலம் மேடாக இருந்தால், 21 கன அடி மணல் இருப்பதாக நாம் நினைக்கும் இடத்தில் மண் இருக்கும். குழியாக இருந்தால் அதே அளவு மணல் கணக்கில் வராமல் போகும். மொத்தத்தில் இது 12 சதவீதம். தரை ஒரு பக்கமாகச் சரிந்திருந்தால் நான்கு பக்கமும் உயரம் அளந்து சராசரி எடுப்பது ஓரளவு உதவும். நடுவில் இருக்கும் மேடு பள்ளத்தை எந்த அளவையாலும் வெளியிலிருந்து கண்டுபிடிக்க முடியாது. அதனால்தான் மணல் இறங்குவதற்கு முன் இடத்தைச் சமன் செய்து வைக்கச் சொல்கிறார்கள். அடியில் மண் கலந்து வீணாவதும் அதனால் குறையும்.

எல்லாக் குவியலும் திறந்த வெளியில் வட்டமாகக் கிடப்பதில்லை. சுவரோரம் கொட்டினால் கிடைப்பது அரைக் கூம்பு. அப்போது அளக்க முடிவது பாதிச் சுற்று மட்டும். அதை இரட்டித்து முழுக் கூம்பாகக் கணக்குப் போட்டு, விடையைப் பாதியாக்க வேண்டும். சுருக்கமாகச் சொன்னால் 37.7க்குப் பதிலாக 18.85 ஆல் வகுக்க வேண்டும். இரண்டு சுவர்கள் சேரும் உள்மூலையானால் கால் கூம்பு, வகுக்கும் எண் 9.42. சீன நூல் இந்த இரண்டுக்கும் 18, 9 என்ற எண்களைத் தருகிறது. பாஸ்கரர் ஒரு படி மேலே போய், வெளிமூலையைச் சுற்றிக் கிடக்கும் முக்கால் கூம்பையும் சேர்த்துக்கொள்கிறார். இந்த விதிகளெல்லாம் பொருந்த ஒரு நிபந்தனை உண்டு. குவியலின் முனை சுவரை ஒட்டியே இருக்க வேண்டும். சுவரிலிருந்து ஓரடி தள்ளி உச்சி நின்றால் அது அரைக் கூம்பு ஆகாது. மணலைச் சுவர்ப்பக்கம் தள்ளிவிட்டு அளப்பதே மேல்.

டிப்பர் லாரி தொட்டியைத் தூக்கிக் கொட்டியபடி முன்னால் நகரும்போது விழுவதும் கூம்பு இல்லை. நீண்ட முதுகு போன்ற மேடு அது. அடி சற்றே நீள்வட்டமாக இருந்தால் கவலையில்லை. நீளம் அகலத்தைப் போல 1.2 மடங்கு இருந்தாலும் சுற்றளவுச் சூத்திரம் ஒரு சதவீதத்துக்குச் சற்று மேல்தான் பிசகும். நீளம் அகலத்தின் இரண்டு மடங்கானால், நீள்வட்ட அடியின் பரப்பையே சூத்திரம் 19 சதவீதம் கூட்டிச் சொல்லிவிடும். ஒரே சுற்றளவுக்குள் அதிகப் பரப்பை அடைப்பது வட்டம் என்பதால், வட்டம் என்று எண்ணிக்கொண்டு போடும் கணக்கு எப்போதும் கூடுதலாகவே வரும். அப்படிப்பட்ட மேட்டை மூன்றாகப் பிரித்துக்கொள்வது நல்லது. இரண்டு முனைகளும் சேர்ந்து ஒரு முழுக் கூம்பு. அதன் விட்டம் மேட்டின் அகலம். நடுவில் இருப்பது கூரை வடிவம். அதன் கன அளவு, முதுகின் நீளத்தை அகலத்தாலும் உயரத்தாலும் பெருக்கி இரண்டால் வகுத்தது. ஒரு பக்கம் மண்வெட்டியால் வெட்டி எடுத்துச் செங்குத்தாக நிற்கும் குவியலுக்கு எந்தச் சூத்திரமும் இல்லை. அதை மறுபடி கூட்டிக் கூம்பாக்கிய பிறகே டேப்பைத் தொட வேண்டும்.

வெட்டிய மணல் செங்குத்தாக நிற்கிறதென்றால் அது ஈரமாக இருக்கிறது என்று பொருள். ஈர மணலில் மணிகளுக்கு இடையே நிற்கும் நீர்ப்படலம் அவற்றைப் பிடித்துக்கொள்கிறது. அதனால் ஈரக் குவியலில் சுற்றளவுக்கும் உயரத்துக்கும் உள்ள விகிதம் 9க்குக் கீழே இறங்கக்கூடும். சரிவு 45 பாகையானால் அது 6.3. எனவே குறைந்த விகிதத்தைக் கண்டதும் அளவு தவறு என்று முடிவுகட்டாமல், ஒரு பிடி மணலை எடுத்து அமுக்கிப் பாருங்கள். கையைத் திறந்தும் உருண்டை உடையாமல் நின்றால் ஈரம்தான் காரணம்.

ஈரம் வடிவத்தை மாற்றுவதோடு நிற்பதில்லை, கன அளவையே ஊதிவிடுகிறது. அதே நீர்ப்படலம் மணிகளை ஒன்றைவிட்டு ஒன்றைத் தள்ளி நிறுத்துவதால், எடையில் சில சதவீத ஈரம் இருந்தாலே மணல் 20, 30 சதவீதம் உப்பிவிடும். மெல்லிய மணல் இன்னும் அதிகமாக உப்பும். முழுக்கத் தண்ணீரில் மூழ்கினால் படலம் மறைந்து மணல் பழையபடி அடங்கிவிடுகிறது. உப்பலை அளக்கும் வழி இந்த அடங்கலிலேயே இருக்கிறது. இந்தியத் தர நிர்ணயமான IS 2386இன் மூன்றாம் பகுதி சொல்லும் சோதனையைக் கட்டட இடத்திலேயே செய்துவிடலாம். நேர்ப்பக்கமுள்ள கண்ணாடிக் குடுவையில் ஈர மணலை அமுக்காமல் இட்டு, மட்டம் தட்டி, உயரத்தைக் குறிக்க வேண்டும். அதைத் தட்டில் கொட்டிவிட்டு, குடுவையில் பாதிக்குத் தண்ணீர் ஊற்றி, மணலைக் கொஞ்சம் கொஞ்சமாகத் திரும்பப் போட்டுக் கம்பியால் கிளறி, அடங்கியதும் மறுபடி உயரம் பார்க்க வேண்டும். முதலில் 18 சென்டிமீட்டர், பிறகு 15 என்றால் உப்பல் 20 சதவீதம். நம் 177 கன அடியை 1.2 ஆல் வகுத்தால் உலர் மணலாக 147 கன அடி. கலவைக்குப் பெட்டியால் மணல் அளந்து போடும் மேஸ்திரிக்கு இந்த வித்தியாசம் தெரிந்தே ஆக வேண்டும். தெரியாவிட்டால் கலவையில் மணல் குறைந்து சிமெண்ட் கூடுதலாகச் செலவாகும்.

வாங்குபவர் இதில் ஒன்றைக் கவனிக்க வேண்டும். லாரி பாடியில் அளந்ததும் ஈர மணலைத்தான். குவியலின் 177ஐயும் லாரிக்காரர் சொன்ன 200ஐயும் ஒப்பிடும்போது இரண்டுமே உப்பலோடு சேர்ந்த எண்கள். குவியலை மட்டும் உலர் கணக்குக்கு மாற்றி, லாரியை ஈரக் கணக்கில் விட்டு, 53 கன அடி குறைகிறது என்று சண்டை பிடிப்பது நியாயமாகாது. இறங்கிய பிறகு மழை பெய்தாலோ வெயிலில் காய்ந்தாலோ குவியலின் கன அளவு மாறிவிடும் என்பதால், சரக்கு வந்த அன்றே அளப்பது நல்லது.

எல்லாம் செய்தபின் விடையை எவ்வளவு நம்பலாம்? வழித்துக் கூட்டிய குவியலில்கூடச் சுற்றளவில் ஓரடி முன்பின் ஆகும். நாற்பதில் ஒன்று என்பது வர்க்கமானபின் 5 சதவீதம். முனையின் உயரத்தில் இரண்டு அங்குலம் பிசகினால் 4 சதவீதம். இரண்டும் ஒரே பக்கம் சாயாதபோது மொத்தப் பிழை 6 சதவீதத்தை ஒட்டி நிற்கும். தரை சமமாக இருந்தால், நம் குவியலில் உள்ளது 165 முதல் 190 கன அடிக்குள். ஒன்றே முக்கால் யூனிட் என்று எழுதுவது நேர்மை. 176.8 என்று எழுதினால் கடைசி இரண்டு இலக்கங்களுக்கும் பொருள் கிடையாது. டேப்பால் இதற்கு மேல் தீர்க்க முடியாத தகராறு என்றால் அடுத்த லோடை எடை மேடையில் ஏற்றிவிடுங்கள். இறுக்காமல் கொட்டிய உலர் மணல் ஒரு கன மீட்டருக்கு ஏறத்தாழ 1.6 டன் என்று கொண்டால் ஒரு யூனிட் சுமார் நாலரை டன். அதோடு ஈரத்துக்கான எடையையும் கழித்துக்கொள்ளுங்கள்.